பட்டும் படாமலும் எழுதிய அப்ஸ்ட்ராக்ட்: இதை வைத்தே இயந்திரம் எழுதியது என்று சொல்லலாமா?

நீர்க்கோழி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். எங்கள் கல்லூரியில் அடுத்த மாதம் ஒரு தேசியக் கருத்தரங்கு. வந்திருக்கும் அப்ஸ்ட்ராக்ட்டுகளைப் படித்துத் தேர்வு செய்யும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. வேதியியலும் நுண்ணுயிரியலும் கலந்து வருகின்றன. ஆங்கிலத்தில் பிழையே இல்லை. ஆனால் ஐந்தாறு படித்ததும் எல்லாம் ஒரே ஆள் எழுதியது போலத் தெரிகிறது. ஒன்றைத் தமிழில் தருகிறேன், செடியின் பெயரை மட்டும் மாற்றிவிட்டேன்:

> துத்தி இலைச்சாற்றைக் கொண்டு சூழலுக்கு உகந்த முறையில் வெள்ளி நானோதுகள்கள் உருவாக்கப்பட்டன. பல்வேறு நிறமாலை, நுண்ணோக்கி நுட்பங்களால் அவற்றின் பண்புகள் விரிவாக ஆராயப்பட்டன. நோய்க்கிருமிகளுக்கு எதிராக அவை குறிப்பிடத்தக்க செயல்பாட்டைக் காட்டின. மருத்துவத் துறையில் இவை பயன்படக்கூடும் என்று முடிவுகள் உணர்த்துகின்றன. எனினும் செயல்படும் விதத்தை முழுமையாக அறிய மேலும் ஆய்வுகள் தேவைப்படலாம்.

செய்முறை என்று ஒன்றும் இல்லை. முடிவில் "கூடும்", "லாம்" மட்டும் தாராளமாக இருக்கிறது. இந்த இரண்டையும் வைத்து "இயந்திரம் எழுதியது" என்று திருப்பி அனுப்பலாமா? செய்தவர்களின் கருத்து வேண்டும்.

---

சும்மா இருப்பவன்

இதே அப்ஸ்ட்ராக்ட்டை நான் எம்.எஸ்சி. முடிக்கும்போது கையால எழுதினேன் சார். அப்போ சாட்ஜிபிடி கிடையாது, சீனியரோட தீசிஸ் இருந்துச்சு. செடி பேரை மட்டும் மாத்தினா போதும்.

---

ஆவணக்காரன்

நான் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் தீசிஸ் சரிபார்க்கும் பிரிவில் இருக்கிறேன். இதற்கு ஏன் இவ்வளவு யோசனை? மென்பொருளில் போடுங்கள், சதவீதம் வந்துவிடும். யுஜிசியின் 2018 விதிப்படி 10 சதவீதத்துக்குள் இருந்தால் விட்டுவிடலாம், தாண்டினால் திருப்பி அனுப்பலாம்.

இன்னொரு வழி சொற்களை எண்ணுவது. 2010 முதல் 2024 வரை பப்மெடில் வந்த சுமார் ஒன்றரைக் கோடி அப்ஸ்ட்ராக்ட்டுகளை எடுத்து, எந்தச் சொல் எந்த ஆண்டில் திடீரென்று கூடியது என்று கோபாக் குழுவினர் பார்த்தார்கள். 2025இல் சயின்ஸ் அட்வான்சஸ் இதழில் வந்தது. 2024இன் அப்ஸ்ட்ராக்ட்டுகளில் குறைந்தது 13.5 சதவீதம் இயந்திரத்தின் கைபட்டவை என்பது அவர்கள் கணக்கு. "டெல்வ்ஸ்", "அண்டர்ஸ்கோர்ஸ்" போன்ற சொற்கள் இருந்தால் அது சாட்ஜிபிடிதான். இதில் சந்தேகத்துக்கு என்ன இடம்?

---

வெள்ளிமலை

ஆவணக்காரன் சார், நீங்கள் சொன்ன ஆய்வு சரி. அதிலிருந்து நீங்கள் வந்த இடம்தான் சரியில்லை.

அந்தக் கணக்கு லட்சக்கணக்கான சுருக்கங்களைச் சேர்த்துப் பார்த்தது. மொத்தத்தில் இவ்வளவு என்று சொல்லலாம். கையில் இருக்கும் ஒரு சுருக்கத்தில் "டெல்வ்ஸ்" இருக்கிறது என்பதற்காக அதை எழுதியது யார் என்று சொல்ல முடியாது. அதோடு அந்தச் சொல் கேலிக்கு ஆளானதும் பலர் அதைத் தேடி நீக்கிவிட்டுத்தான் அனுப்புகிறார்கள். அந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. கொரோனா காலத்தில் திடீரென்று கூடிய சொற்கள் பெரும்பாலும் பொருளைச் சொல்லும் பெயர்ச்சொற்கள். 2023க்குப் பின் கூடியவை நடையைச் சேர்ந்த வினைகளும் அடைகளும். சொல்ல ஒரு புதுப் பொருளும் வராமலே எழுத்து மாறியிருக்கிறது.

யுஜிசியின் 10 சதவீதம் பிறர் எழுத்தோடு ஒத்துப்போகும் அளவுக்கான வரம்பு. இயந்திர எழுத்து என்று மென்பொருள் காட்டும் எண் வேறு சங்கதி. ஓப்பன்ஏஐ நிறுவனமே இப்படி ஒரு கண்டறியும் கருவியை வெளியிட்டு, துல்லியம் போதாது என்று 2023 ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டது.

இனி நீர்க்கோழியின் கேள்வி. நான் நானோபொருள் பக்கம் வேலை செய்பவன், இந்தத் தலைப்பில் நிறைய ரெவ்யூ பார்க்கிறேன். நான் முதலில் செய்வது ஒன்றுதான். துத்தியை எடுத்துவிட்டு வேப்பிலை என்று போட்டுப் பார்ப்பேன். வெள்ளியை எடுத்துவிட்டு துத்தநாக ஆக்சைடு என்று போடுவேன். நீங்கள் தந்த ஐந்து வாக்கியங்களில் ஒன்றுகூடப் பொய்யாகவில்லை. எதை மாற்றினாலும் பொய்யாகாத சுருக்கம் எந்த ஆய்வகத்தையும் பற்றிப் பேசவில்லை என்று பொருள்.

இந்த வேலையை உண்மையாகச் செய்தவருக்கு, அடக்கினாலும் வெளியே வந்து விழும் விவரங்கள் சில உண்டு. சில்வர் நைட்ரேட் எத்தனை மில்லிமோலார் (பெரும்பாலும் 1), இலைச்சாறு எந்த விகிதம், வெளிர்மஞ்சள் கரைசல் பழுப்பாக மாற எவ்வளவு நேரம் எடுத்தது. யூவி நிறமாலையில் உச்சி எந்த அலைநீளத்தில் வந்தது, 420ஆ 450ஆ. டெம் என்னும் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்தில் எத்தனை துகள்களை அளந்து சராசரி எடுத்தார்கள். கிருமி வளர்க்கும் அகார் தட்டில் குழி வெட்டி எத்தனை மைக்ரோலிட்டர் ஊற்றினார்கள், சுற்றிலும் கிருமி வளராத வளையம் எத்தனை மில்லிமீட்டர், பக்கத்துக் குழியில் ஒப்பீட்டுக்கு என்ன வைத்தார்கள்.

இதில் நான்கு எண்ணாவது சுருக்கத்துக்குள் வந்துவிடும். 250 சொல்லில் அதற்கு இடம் இருக்கிறது. "பல்வேறு நுட்பங்களால் விரிவாக" என்பதற்குச் செலவான இடத்திலேயே "யூவி உச்சி 432 நானோமீட்டர், டெம் அளவு 12 முதல் 30" என்று எழுதிவிடலாம்.

---

டாக்டர் கீரன்

எனக்கு இந்தக் கேள்வியிலேயே உடன்பாடில்லை. "கூடும்", "இருக்கலாம்" என்று எழுதுவதைக் குற்றம் போலப் பேசுகிறீர்கள். மருத்துவத்தில் நாற்பது நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வில் "இந்த மருந்து குணப்படுத்தும்" என்று எழுதுபவனைத்தான் நான் சந்தேகப்படுவேன். தயங்கி எழுதுவது விஞ்ஞானியின் கடமை. என் பிஜி மாணவர்களுக்கு நான் சொல்லிக்கொடுப்பதே அதுதான்.

---

நீர்க்கோழி

டாக்டர், தயங்குவதே தவறு என்று நான் சொல்லவில்லை. எல்லா அப்ஸ்ட்ராக்ட்டிலும் ஒரே தயக்கம் ஒரே இடத்தில் வருகிறதே, அதைத்தான் கேட்டேன்.

---

வெள்ளிமலை

டாக்டர் சொல்வதை அப்படியே ஒதுக்கிவிட வேண்டாம். தயக்கத்தில் இரண்டு வகை இருக்கிறது என்பதற்கு அவரே வழி திறந்துவிட்டார்.

1953இல் டி.என்.ஏ. அமைப்பைப் பற்றி வாட்சனும் கிரிக்கும் எழுதிய சிறு கட்டுரையின் கடைசிப் பகுதியில் ஒரு புகழ்பெற்ற தயக்கம் உண்டு. தாங்கள் முன்வைத்த இணை சேரும் முறை, மரபுப்பொருள் நகலெடுக்கப்படும் ஒரு சாத்தியமான வழியை உடனே சுட்டுகிறது, அது எங்கள் கவனத்துக்குத் தப்பவில்லை என்கிறார்கள். அடக்கமாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த அடக்கம் ஒரு குறிப்பிட்ட இணைவிதியின் மேல் நிற்கிறது. அதை வேறு கட்டுரைக்குத் தூக்கிப்போட முடியாது.

வெள்ளித் துகளுக்கு வருகிறேன். இந்த வேலையில் நேர்மையாகத் தயங்க வேண்டிய இடங்கள் எனக்குத் தெரிந்து இரண்டு. ஒன்று, வினைபுரியாமல் மிஞ்சிய வெள்ளி அயனி. சென்ட்ரிஃப்யூஜில் கழுவியிருப்பார்கள், ஆனால் மிச்சம் எவ்வளவு என்று அளந்திருக்க மாட்டார்கள். வெள்ளி அயனியே கிருமியைக் கொல்லும். அதனால் வளையம் துகளால் வந்ததா, அயனியால் வந்ததா என்று சொல்ல முடியாது. வெறும் சில்வர் நைட்ரேட்டையும் வெறும் இலைச்சாற்றையும் பக்கத்துக் குழிகளில் வைத்திருந்தால் ஓரளவு தெரியும். இரண்டாவது, துகள் அகாருக்குள் எளிதாகப் பரவாது. வளையம் சிறியது என்றால் செயல்பாடு குறைவு என்று அர்த்தமில்லை, பரவவில்லை என்றும் இருக்கலாம். அதனால் வளையத்தின் அகலத்தை வைத்து இரண்டு துகள்களை ஒப்பிடுவது ஆபத்து.

ஆக, வேலை செய்தவர் தயங்கினால் இப்படி எழுதுவார்: "மிஞ்சிய அயனியை நாங்கள் அளக்கவில்லை, எனவே வளையத்தின் ஒரு பகுதி அதனால் வந்திருக்கக்கூடும்." இந்தக் "கூடும்" செய்முறையின் ஒரு படியைக் கைநீட்டிக் காட்டுகிறது. "மேலும் ஆய்வுகள் தேவைப்படலாம்" எந்தப் படியையும் காட்டவில்லை. காட்ட அதனிடம் படியே இல்லை. செய்முறை மங்கலாக இருப்பதும் தயக்கம் பொதுவாக இருப்பதும் சேர்ந்தே வருவதன் காரணம் இதுதான் என்பது என் எண்ணம்.

இன்னொன்று. இயந்திரம் எல்லா இடத்திலும் தயங்குகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். 2025இல் பீட்டர்ஸ், சின் யீ இருவரும் சாட்ஜிபிடி போன்ற பத்து மொழி மாதிரிகளிடம் அறிவியல் கட்டுரைகளைக் கொடுத்துச் சுருக்கச் சொல்லி, 4,900 சுருக்கங்களைப் பார்த்தார்கள். கட்டுரையில் "இந்த ஆய்வில் பலன் தந்தது" என்று இருந்ததைப் பல மாதிரிகள் "பலன் தருகிறது" என்று பொதுவாக்கிவிட்டன. மனிதர் எழுதிய சுருக்கங்களோடு ஒப்பிட்டால் இந்தப் பொதுவாக்கம் ஏறக்குறைய ஐந்து மடங்கு அதிகமாக வர வாய்ப்பிருந்தது. இதை என் ரெவ்யூ அனுபவத்தோடு சேர்த்துப் பார்த்தால், தேவையான இடத்துத் தயக்கம் காணாமல் போகிறது, செலவில்லாத கடைசி வரியில் வந்து உட்காருகிறது. நீர்க்கோழி தந்த மாதிரியிலும் பாருங்கள். "குறிப்பிடத்தக்க செயல்பாட்டைக் காட்டின" என்பதில் தயக்கமே இல்லை. அங்கேதான் தயங்கியிருக்க வேண்டும்.

---

டாக்டர் கீரன்

இந்த விளக்கம் ஏற்கத்தக்கது. முதலிலேயே இப்படிக் கேட்டிருக்கலாம்.

---

மருதாணி

நான் முனைவர் பட்ட மாணவி. இந்த இழையைப் படித்ததிலிருந்து வயிற்றைக் கலக்குகிறது. தருமபுரிப் பக்கம் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு, அதுதான் என் வேலை. அப்ஸ்ட்ராக்ட்டில் எந்த ஊர்களில் எந்த மாதம் மாதிரி எடுத்தோம், எந்த முறையில் அளந்தோம் என்று எல்லாம் எழுதியிருந்தேன். கைடு 250 சொல்லுக்குள் கொண்டுவர வேண்டும் என்று எல்லாவற்றையும் அடித்துவிட்டு "ஸ்டாண்டர்ட் மெத்தட்ஸ் படி பகுப்பாய்வு செய்யப்பட்டது" என்று ஒரே வரியாக்கினார். ஆங்கிலத்தை மட்டும் நான் ஒரு கருவியில் போட்டுத் திருத்தினேன். இதழிலிருந்து "செய்முறை தெளிவில்லை, இயந்திரத்தால் எழுதப்பட்டதாகத் தோன்றுகிறது" என்று ஒரு வரியில் திருப்பிவிட்டார்கள்.

களத்துக்குப் போய்ப் போய்க் கால் தேய்ந்தது எனக்குத்தான் தெரியும். வெள்ளிமலை சார், உங்கள் சோதனையில் நானும் மாட்டுவேன்தானே?

---

வெள்ளிமலை

இல்லை அம்மா, உங்கள் வரியை நான் வேறு மாதிரிப் படிப்பேன். நீர்ப் பகுப்பாய்வில் "ஸ்டாண்டர்ட் மெத்தட்ஸ்" என்பது அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சங்கம் வெளியிடும் கையேட்டின் பெயர். அந்தத் துறைக்காரருக்கு அது மழுப்பல் ஆகாது, முகவரி. உங்கள் கட்டுரையைப் பார்த்தவர் வேறு துறைக்காரராக இருந்திருக்கலாம். நானோ வேலையில் அதே சொல்லை யாராவது எழுதினால் என்னிடம் மதிப்பெண் கிடைக்காது.

ஆனால் அந்த முகவரியில் வீட்டு எண் விடுபட்டிருக்கிறது. ஃபுளோரைடுக்கு அந்தக் கையேட்டிலேயே ஸ்பேட்ன்ஸ் சாய முறையும் உண்டு, அயனி மின்முனை முறையும் உண்டு. சாய முறையில் காரத்தன்மையும் அலுமினியமும் தொல்லை தரும். மின்முனையில் இடையகக் கரைசல் சேர்த்து அதைச் சமாளிக்கலாம். இந்தியத் தர நிர்ணயத்தின்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஏற்கத்தக்கது, வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை. உங்கள் மாதிரிகளில் சில 1.4, 1.6 என்று இருந்தால் எந்த முறை என்பது முடிவையே மாற்றும். "அயனி மின்முனையால் அளக்கப்பட்டது" என்பது மூன்றே சொல். கைடு அதை விட்டிருக்கலாம்.

---

மருதாணி

மின்முனைதான் சார். 1.5ஐ ஒட்டி நிறைய மாதிரிகள் உண்டு. இதை அப்படியே கைடிடம் சொல்கிறேன், உங்கள் பெயரைச் சொல்லாமல்.

---

ஆவணக்காரன்

வெள்ளிமலை சார் சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் மருதாணி போன்றவர்களையும் சேர்த்து மாட்டிவிடுவோம் என்று பயந்துகொண்டே இருந்தால் யாரையும் பிடிக்க முடியாது. நிபுணர்கள் படித்தாலே தெரிந்துவிடாதா?

---

வெள்ளிமலை

அதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் கேத்தரின் காவ் குழுவினர் ஐந்து பெரிய மருத்துவ இதழ்களிலிருந்து 50 அப்ஸ்ட்ராக்ட்டுகளை எடுத்து, தலைப்பையும் இதழின் பெயரையும் மட்டும் சாட்ஜிபிடியிடம் கொடுத்து அதற்கும் எழுதச் சொன்னார்கள். இரண்டையும் கலந்து துறைக்காரர்களிடம் கொடுத்தார்கள். கலந்திருக்கிறது என்று முன்பே சொல்லியும், இயந்திரம் எழுதியதில் 68 சதவீதத்தைத்தான் பிடித்தார்கள். மனிதர் எழுதியதில் 14 சதவீதத்தை இயந்திரம் என்றார்கள். இயந்திரத்தின் சுருக்கங்கள் மங்கலாக, வார்ப்பில் ஊற்றியது போல இருந்தன என்றும் அவர்கள் சொன்னார்கள். ஆக நீர்க்கோழியின் இரண்டு அடையாளங்களும் உண்மைதான், அவற்றை நம்பி ஏழில் ஒரு மனிதரைத் தவறாகப் பிடிப்போம் என்பதும் உண்மைதான்.

அங்கே இயந்திரத்துக்குக் கொடுத்தது தலைப்பு மட்டும் என்பதைக் கவனியுங்கள். தரவு கையில் இல்லாததால் மங்கல். இன்று முழுக் கட்டுரையையும் கொடுத்துச் சுருக்கச் சொல்கிறார்கள். எண்கள் உள்ளே இருந்தால் அதுவும் எண்களோடுதான் எழுதும். மங்கலாக இருந்தால், முதலில் கொடுத்ததே மங்கலாக இருந்ததா என்றும் கேட்க வேண்டும்.

மென்பொருளுக்கும் ஒரு வார்த்தை. சீன மாணவர்கள் எழுதிய 91 டோஃபல் கட்டுரைகளை 2023இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஏழு கண்டறியும் கருவிகளில் போட்டார்கள். சராசரியாக 61 சதவீதத்தை அவை இயந்திர எழுத்து என்றன. அத்தனையும் மனிதர் எழுதியவை. ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர் எளிய, பழகிய சொற்களில் எழுதுவார். அந்தப் பழக்கத்தைத்தான் கருவி தண்டிக்கிறது. நம் பிள்ளைகள் எந்தப் பக்கம் நிற்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

---

கணக்குப்பிள்ளை

புள்ளியியல்காரனாக ஒரு இடைச்செருகல். மங்கலாக எழுதுவதைப் பற்றியே பேசுகிறீர்கள். எண் கேட்டால் இயந்திரம் எண்ணும் தரும், அதுதான் எனக்குப் பெரிய கவலை. எண் இருந்தால் உண்மை என்று விட்டுவிடக்கூடாது.

எளிய சோதனை ஒன்று. "48 கிருமி மாதிரிகளில் 67.3 சதவீதம் கட்டுப்பட்டன" என்று எழுதியிருக்கிறது என்று வையுங்கள். 48இல் 32 என்றால் 66.7. 33 என்றால் 68.75. இரண்டுக்கும் நடுவே ஆள் கிடையாது, அரை மாதிரி கட்டுப்படாது. ஆக 67.3 வரவே முடியாது. சராசரிக்கு இதே யோசனையை 2017இல் பிரவுன், ஹெதர்ஸ் இருவரும் கிரிம் சோதனை என்ற பெயரில் முறைப்படுத்தினார்கள். முழு எண்களாகத் தரவு இருக்கும்போதுதான் வேலை செய்யும், மாதிரி எண்ணிக்கை நூறைத் தாண்டினால் பிடி தளரும். மில்லிமீட்டர் வளையத்துக்குத் தசமம் வரும், அங்கே இது உதவாது. தவிர, இது தோற்றால் தட்டச்சுப் பிழையாகவும் இருக்கலாம், இடையில் சில மாதிரிகள் விடுபட்டிருக்கலாம். கேள்வி கேட்கக் காரணம் கிடைக்கும், அவ்வளவே.

---

நீர்க்கோழி

எல்லோருக்கும் நன்றி. ஒரு யோசனை. யார் எழுதியது என்ற விசாரணையை விட்டுவிட்டு, எல்லோருக்கும் ஒரே மாதிரி மூன்று கேள்விகள் அனுப்பலாமா? சில்வர் நைட்ரேட் செறிவும் சாற்று விகிதமும் என்ன, யூவி உச்சி எங்கே, ஒப்பீட்டுக் குழியில் என்ன வைத்தீர்கள். பதில் வந்தால் அந்த எண்களை அப்ஸ்ட்ராக்ட்டில் சேர்க்கச் சொல்லி ஏற்கலாம். பதில் வராவிட்டால் செய்முறை போதாது என்ற காரணத்தைச் சொல்லித் திருப்பலாம். இயந்திரம் என்ற பேச்சையே எடுக்க வேண்டாம்.

---

சும்மா இருப்பவன்

கருத்தரங்குக் கட்டணம் கட்டிட்டாங்களா, ஐஎஸ்பிஎன் உண்டான்னு கேட்கிற நாலாவது கேள்வியை விட்டுட்டீங்க. திருப்பி அனுப்பினா கட்டணத்தையும் திருப்பணும், உங்க அமைப்பாளர் ஒத்துக்குவாரா?

அதோட அந்த மூணு கேள்விக்கும் பதிலை அதே இயந்திரம் எழுதிக் கொடுக்கும். 1 மில்லிமோலார், 430 நானோமீட்டர்னு எனக்கே இப்போ மனப்பாடம் ஆயிடுச்சு.

---

வெள்ளிமலை

தம்பி சொல்வது நியாயம். இந்த வேலையின் எண்கள் எல்லாக் கட்டுரையிலும் ஏறக்குறைய ஒன்றுதான், ஊகிக்க எளிது. அதனால் எண்ணைக் கேட்பதற்குப் பதில் அலைநீளத் தரவுக் கோப்பையும் அகார் தட்டின் படத்தையும் கேட்கலாம். செய்தவரிடம் அலைபேசியில் கண்டிப்பாக இருக்கும், தட்டைப் படம் எடுக்காத மாணவரை நான் பார்த்ததில்லை. படத்தையும் போலியாகச் செய்யலாம்தான். ஒரு நாள் கருத்தரங்குக்கு யாரும் அவ்வளவு மெனக்கெடுவார்களா என்பது வேறு.

---

ஆவணக்காரன்

ஒரு நடைமுறைச் சிக்கல். எங்கள் பக்கம் பல கல்லூரிகளில் டெம், எக்ஸ்ஆர்டி கிடையாது. சாம்பிளைப் பொட்டலம் கட்டிப் பணம் கட்டி வெளியே அனுப்புவார்கள், படம் மின்னஞ்சலில் வரும். எத்தனை துகளை அளந்தார்கள், எந்த மின்னழுத்தம் என்று மாணவருக்கே தெரியாது. அவர் "நுண்ணோக்கி நுட்பங்களால் ஆராயப்பட்டது" என்று எழுதினால் அதில் பொய் இல்லை, அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அவரையும் திருப்பி அனுப்புவீர்களா?

---

வெள்ளிமலை

அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை சார். படத்தின் அடியில் அளவுகோலும் மின்னழுத்தமும் அச்சாகியிருக்கும், அதைப் பார்த்து எழுதக்கூட யாரும் சொல்லிக்கொடுக்காதது மாணவரின் குற்றம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் அதை வைத்து "12 நானோமீட்டர்" என்று அவர் முடிவு எழுதினால் நான் ஏற்கவும் மாட்டேன்.

---

மருதாணி

நீர்க்கோழி மேடம், கேள்விகளை அனுப்பும்போது தமிழிலும் பதில் எழுதலாம் என்று ஒரு வரி சேருங்களேன். செய்தவர்களுக்கு என்ன செய்தோம் என்று சொல்வதில் சிரமம் இல்லை. ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும் என்னும்போதுதான் எல்லோரும் அந்தக் கருவியிடம் ஓடுகிறோம்.

---

நீர்க்கோழி

சேர்க்கிறேன் மா. தட்டுப் படத்தையும் கேட்கிறேன். கட்டண விஷயம் மட்டும் அமைப்பாளரிடம் பேச வேண்டும், திங்கட்கிழமை கூட்டம் இருக்கிறது. என்ன சொன்னார் என்று இங்கேயே வந்து எழுதுகிறேன்.